ஜெர்சி முதுகில் தமிழ்ப் பெயர்: அச்சகத்துக்குக் கேப்டன் எழுத வேண்டிய மின்னஞ்சல்

“ஐயா, எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். கிரிக்கெட் குழுவில் 15 பேர். போன ஆண்டு ஜெர்சியில் ஒருவன் பெயரில் புள்ளியைக் காணோம், இன்னொருவனுக்கு ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ வந்துவிட்டது. தொலைபேசியில் சொல்லி வாங்கிய வினை. இந்த முறை நான் கேப்டன். முதுகில் பெயர் தமிழில்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பெயர், எண் எழுத்துகளைப் பற்றி அச்சகத்துக்கு மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும்?”

கும்பகோணத்தில் பல ஆண்டுகள் கணினி முன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைசியில் ஜெர்சி என்று எழுத்துக் கோத்தவன் நான். அதனால் உங்கள் மின்னஞ்சலை வாங்கிப் படிக்கப் போகிறவரின் நாற்காலியிலிருந்தே பதில் சொல்கிறேன். அவருக்கு உங்கள் பையன்களைத் தெரியாது. கண்ணன் என்பவன் அவருக்கு நான்கு உருவங்கள், அவ்வளவுதான். அவர் தாமாகத் தட்டச்சு செய்கிற இடத்திலும், தாமாக ஊகிக்கிற இடத்திலும்தான் தப்பு நுழைகிறது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்தால் மின்னஞ்சலில் எதை எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் எழுத்துரு. நீங்கள் கைபேசியில் அடிப்பது யூனிகோடு. நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் வேலை நடப்பது கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். இந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உண்மையில் `jkpo;` என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ‘முருகன்’ என்பது `KUfd;`. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் போய் இந்தக் குறிகள் மட்டும் நிற்கும். கும்பகோணத்தில் கோத்ததைத் திருப்பூருக்கு அனுப்பித் துணியில் ஏற்றி வரும்போது, அங்கே கோப்பைத் திறக்கிறவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் இது ஏதோ ஆங்கிலப் பெயர் என்று நினைத்து அப்படியே அச்சடித்துவிடவும் கூடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் யூனிகோடுப் பெயரை நகலெடுத்து, இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். ‘சேகர்’ என்பதில் இரட்டைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய் நிற்கும். புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தொங்கும். இதைப் பார்த்ததும் கோப்பவர் என்ன செய்வார்? ஒட்டியதை அழித்துவிட்டுத் தாமே பாமினியில் அடிப்பார். உங்கள் பெயர்ப்பட்டியல் கைமாறுகிற நொடி அதுதான். அவர் தம் மனத்துக்குள் ஒலிக்கிறபடி அடிப்பாரே தவிர உங்கள் பட்டியலை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிக்க மாட்டார். நானும் அப்படித்தான் அடித்திருக்கிறேன். ஒரு முறை ‘எழில்’ என்பவனை ‘எளில்’ ஆக்கி அனுப்பிவிட்டேன். பதினோரு பேரும் வந்து என் கடைவாசலில் நின்றார்கள்.

இன்னொரு பழைய கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் கோப்பவர்கள் ‘ர’ என்ற எழுத்துக்குப் பதில் துணைக்காலையே போட்டுவிடுவார்கள். காகிதத்தில் சின்ன எழுத்தில் யாரும் கவனிப்பதில்லை. முதுகில் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வரும்போது ‘ராஜா’வின் முதல் எழுத்துக்கு வால் இல்லாமல் இரண்டு கால்கள் சேர்ந்து நிற்பது நன்றாகவே தெரியும்.

இதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுத்து எண்ணிக்கையையும் புள்ளி எண்ணிக்கையையும் எழுதிவிடுவது. ‘முத்துக்குமரன்’ என்றால் எட்டு எழுத்து, மூன்று புள்ளி. எழுத்து எண்ணிக்கை மட்டும் போதாது. ‘முருகன்’ என்றாலும் புள்ளி விழுந்துபோன ‘முருகன’ என்றாலும் நான்கு எழுத்துதான். புள்ளிக் கணக்குதான் அதைப் பிடிக்கும். பெயர் தெரியாதவர்கூட எண்ணிப் பார்த்துவிடலாம். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற இவற்றில் மயக்கம் வரக்கூடிய பெயர் என்றால் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததுபோலவே ‘மூன்று சுழி ண’, ‘சிறப்பு ழ’ என்று எழுதிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். கோப்பவர் இதற்காக உங்களை மனத்துக்குள் வாழ்த்துவார்.

அடுத்தது அளவு. ‘பெயர் இரண்டு அங்குலம்’ என்று எழுதுவது தமிழுக்கு ஒன்றும் சொல்லாத வாக்கியம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். அளவு சொன்னால் முடிந்தது. தமிழில் ‘ட’ ஓர் உயரம். ‘கி’யின் கொக்கி அதற்கு மேலே போகிறது. ‘மு’வின் வால் கீழே இறங்குகிறது. ‘ன்’ தலையில் புள்ளி. இரண்டு அங்குலம் என்றால் எதிலிருந்து எதுவரை? கோப்பவர் பெயர் முழுவதையும் தேர்ந்தெடுத்து, மென்பொருளின் உயரப் பெட்டியில் ஐந்து சென்டிமீட்டர் என்று போட்டால், ‘பாலா’வுக்கு எழுத்தே ஐந்து சென்டிமீட்டர் வரும். ‘முருகன்’ என்பதற்கோ மேலே புள்ளி, கீழே வால் எல்லாம் சேர்ந்து ஐந்து. ‘க’வும் ‘ன’வும் மூன்றுக்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவன் பெரியப்பா, ஒருவன் பேரன் போலத் தெரியும். எழுத்துருவின் பாயின்ட் அளவைச் சொல்லவும் வேண்டாம். ஒரே பாயின்டில் ஓர் எழுத்துரு தடியனாகவும் இன்னொன்று குள்ளனாகவும் இருக்கும். ‘மேலும் கீழும் எதுவும் இல்லாத எழுத்தின் உயரம், அதாவது ட, ப, ம இவற்றின் உயரம், நான்கு சென்டிமீட்டர்’ என்று எழுதுங்கள். எல்லாப் பெயருக்கும் அதுவே.

நான்கு என்று ஏன் சொல்கிறேன்? உங்கள் பட்டியலின் நீளமான பெயர்தான் அதை முடிவு செய்யும். முத்துக்குமரனையே எடுத்துக்கொள்வோம். தடித்த எழுத்துருவில் ‘ட’ உயரம் ஐந்து சென்டிமீட்டர் வைத்தால், இடைவெளியோடு எழுத்துக்குச் சராசரி ஐந்து சென்டிமீட்டர் அகலம் போகும். எட்டு எழுத்துக்கு நாற்பது. எம் அளவு ஜெர்சியின் மார்பு அகலம் தட்டையாக வைத்து அளந்தால் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் வரும். ஆனால் பெயர் வருகிற இடம் மார்பு அல்ல. இரண்டு தோள்பட்டைக்கு நடுவில். அங்கே கைத்தையலிலிருந்து கைத்தையல்வரை நாற்பதுதான் கிடைக்கும். தையலை ஒட்டி எழுத்து போகக் கூடாது. பக்கத்துக்கு நான்கு விட்டால் முப்பத்திரண்டு மிச்சம். நாற்பது அகலப் பெயரை முப்பத்திரண்டில் அடக்க உயரத்தை ஐந்திலிருந்து நான்காகக் குறைக்க வேண்டும். வந்துவிட்டது நான்கு. பதின்ம வயதுப் பையன்களுக்குச் சின்ன அளவு எடுக்கிறீர்கள் என்றால் அந்த அகலம் இன்னும் குறையும். பழைய ஜெர்சி ஒன்றை விரித்து அளவு நாடாவால் அளந்துவிடுங்கள், என் எண்ணை நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில் கோப்பவர் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். உயரத்தைக் குறைக்காமல் பெயரின் இரு பக்கத்தையும் பிடித்து உள்ளே அமுக்குவார். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு தாங்கும். தமிழ் வட்டமும் சுழியுமான எழுத்து; அமுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து, சுழிகள் ஒட்டிக்கொள்ளும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேற்றுமை ஒரே ஒரு சுழிதான். அது அடைபட்டால் இலக்கணமே அடைபட்ட மாதிரி. ஆகவே ‘எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கவோ இழுக்கவோ கூடாது’ என்று தனி வாக்கியமாகவே எழுதுங்கள். பெயர் அடங்கவில்லை என்றால் பெயரைக் குறைப்பதுதான் நேர்மை: முத்துக்குமரனைக் கேட்டுவிட்டு ‘குமரன்’ என்று போடலாம், நான்கு எழுத்து. வீட்டிலும் மைதானத்திலும் அவனை எப்படியும் எட்டு எழுத்தும் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அப்படிக் குறைத்தால் எல்லோருக்கும் ஐந்து சென்டிமீட்டருக்கே திரும்பிப் போகலாமா என்றும் பார்க்கலாம்.

சுழி அடைபட இன்னொரு காரணம், எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் போடும் கரை. பார்வைக்கு அழகு, நானும் மறுக்கவில்லை. ஆனால் கோரல்டிராவில் கரையை வெறுமனே போட்டால் பாதி வெளியே போகும், பாதி உள்ளே வரும். ஆறு மில்லிமீட்டர் கரை என்றால் எழுத்தின் கோட்டை ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மில்லிமீட்டர் தின்னும். சுழியின் துளையில் கரையின் மற்றப் பாதி வந்து நிறையும். கரையை எழுத்தின் பின்னால் வைக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. அப்படி வைத்தால் கோடு மெலியாது. துளை மட்டும் சுருங்கும். நான்கு சென்டிமீட்டர் எழுத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கரை வேண்டாம் என்பது என் கட்சி. எண்ணுக்கு வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள், அதில் இடம் இருக்கிறது.

பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் விடும் இடமும் தமிழுக்குத் தனிக் கணக்குதான். ஆங்கில ஜெர்சியைப் பார்த்து அமைத்தால் ‘மு’, ‘ரு’, ‘கு’ இவற்றின் வால் போய் எண்ணின் தலையில் இடிக்கும். எழுத்து உட்காரும் கோட்டிலிருந்து எண்ணின் உச்சிவரை ஆறு சென்டிமீட்டர் விடச் சொல்லுங்கள். பின்கழுத்துத் தையலிலிருந்து அந்தக் கோடு பதின்மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். எண்ணின் உயரம் இருபது. கூட்டிப் பாருங்கள்: எண்ணின் அடி, கழுத்திலிருந்து முப்பத்தொன்பதில் முடிகிறது. ஜெர்சியைக் காற்சட்டைக்குள் செருகினாலும் எண் முழுவதும் வெளியே நிற்கும். கால்பந்துச் சட்டையைப் பார்த்து முப்பது சென்டிமீட்டர் எண் கேட்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஜெர்சியைச் செருகியதும் எண்ணின் கால் இடுப்புக்குள் போய்விடும்.

எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தமிழ் எண்கள் போடலாமா என்று ஒரு குழுவினர் என்னைக் கேட்டார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் ௧ என்பது ‘க’ போல இருக்கும், ௭ என்பது ‘எ’ போல, ௮ என்பது ‘அ’ போல. தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிற பையனுக்கு அது எண்ணா, இனிஷியலா என்றே தெரியாது. வழக்கமான எண்களையே போடுங்கள். அதிலும் மூலையெல்லாம் வெட்டிய கட்டை எழுத்துருவில் 3, 8, 0 மூன்றும் தூரத்தில் ஒன்றாகிவிடும், 6-உம் 9-உம் வாய் மூடிக்கொள்ளும். அதனால் 0 முதல் 9 வரை பத்தையும் ஒரே வரிசையில் காட்டச் சொல்லி, கைபேசியைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

யாருக்கு எந்த எண் என்ற சண்டையை மின்னஞ்சல் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 7 கேட்டு மூன்று பேராவது வருவார்கள். 1999 உலகக் கோப்பையில் கேப்டனுக்கு 1 என்ற வழக்கமே இருந்தது. தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே மட்டும் 5 அணிந்து ஆடினார், 1 கேரி கர்ஸ்டனிடம் இருந்தது. அப்படிக் கேப்டனே விட்டுக்கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். பட்டியல் அச்சகத்துக்குப் போன பிறகு எண்ணை மாற்றுவதுதான் பெரிய ஆபத்து. கோப்பவர் ஓரிடத்தில் மாற்றுவார், இன்னோரிடத்தில் மறப்பார், ஒரே எண்ணில் இரண்டு ஜெர்சி வரும்.

இனி, எதில் அச்சடிப்பது. இதையும் மின்னஞ்சலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எழுத்தின் ஆயுள் இதில் இருக்கிறது. முழு ஜெர்சியும் பல வண்ணத்தில் வருகிற முறைக்குச் சப்ளிமேஷன் என்று பெயர். வடிவத்தைத் தனித் தாளில் அச்சடித்து, வெட்டி வைத்த வெள்ளைப் பாலியஸ்டர் துண்டின் மேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள் போய்விடும். பிறகுதான் தைப்பார்கள். எழுத்து துணியின் நிறமாகவே ஆகிவிடுவதால் உரியாது, வெடிக்காது. பருத்தி கலந்த துணியில் இது பிடிக்காது. இதில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. வெள்ளை எழுத்து என்பது அச்சடிக்காமல் விட்ட துணி. இன்னொன்று, தைத்து வந்த ஜெர்சியில் பெயரை மாற்ற வழியே இல்லை.

மற்றது வினைல். நிறமான மெல்லிய படலத்தை இயந்திரம் எழுத்து வடிவில் வெட்டும். வேண்டாததைக் கையால் உரித்துவிட்டு, மிச்சத்தைச் சூட்டில் ஒட்டுவார்கள். தைத்த ஜெர்சியிலும் ஒட்டலாம் என்பது இதன் வசதி. தமிழுக்கு இதில் ஒரு சங்கடம்: புள்ளி தனித் துண்டு. எழுத்தோடு ஒட்டுறவு இல்லாமல் தனியே நிற்கிற சின்ன வட்டம். வியர்வை, சோப்பு, கல்லில் அடித்துத் துவைக்கும் கை என்று எல்லாம் சேர்ந்து முதலில் உரித்தெடுப்பது அதைத்தான். போன ஆண்டு உங்களுக்குக் காணாமல் போன புள்ளி அச்சில் விட்டதா, துவைத்ததில் போனதா என்று அந்த ஜெர்சியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். போன இடத்தில் பசைத் தடம் வட்டமாகத் தெரிந்தால் அச்சகத்தைக் கோபித்துப் பயனில்லை. வினைல்தான் என்றால் புள்ளி நிறைந்த வட்டமாக இருக்கட்டும், நடுவில் துளை வைத்த வளையப் புள்ளி வேண்டாம்; குறுக்களவு எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியை விட்டுவிட்டு நடுவில் இடம் மட்டும் விடலாம்.

பதினைந்து பேருக்கும் சப்ளிமேஷன், கூடுதலாக இரண்டு ஜெர்சி எண்ணோடும் பெயரில்லாமலும், என்று வாங்குவதுதான் புத்தி. அறுவடை முடிந்த பிறகு திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ எவனாவது ஊர் திரும்புவான். அவன் பெயரைப் பின்னால் வினைலில் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது ஒன்றை மறக்காதீர்கள். சிவப்பு, மெரூன் போன்ற அடர்ந்த சப்ளிமேஷன் துணியில் வெள்ளை வினைலைச் சூட்டில் ஒட்டினால், துணிக்குள் இருக்கும் சாயம் மறுபடி கிளம்பி வினைலுக்குள் ஏறும். கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ ரோஜா நிறமாகும். அதைத் தடுக்கும் அடிப்படலம் உள்ள வினைல் கிடைக்கிறது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம், ‘சாயம் மேலே ஏறாத வினைல்’ என்று எழுதினாலே தொழில் தெரிந்தவருக்குப் புரியும்.

நிறத்துக்கு ஒரே சோதனை. அச்சகம் அனுப்பும் மாதிரிப் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் மைதானத்திலும் மறையும். கருநீலத்தில் சிவப்பு, மஞ்சளில் பொன்னிறம் இரண்டும் இதில் தோற்கும். சித்திரை வெயிலில், காய்ந்து வெடித்த வயலில், ஆட்டம் தொடங்கிய அரை மணியில் வண்டல் புழுதி எல்லா நிறத்தின் மேலும் ஒரு சாம்பல் பூச்சு ஏற்றிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இத்தனையும் மின்னஞ்சலாக மாறும்போது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன். பெயர்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. முதல் ஐந்தை மட்டும் எழுதுகிறேன்.

பொருள்: 17 ஜெர்சி – பெயர், எண் எழுத்து விவரம் – மாசி முதல் வாரத்துக்குள் தேவை

வணக்கம் அண்ணா,

நேற்று கடையில் பேசியபடி விவரங்கள் கீழே. மொத்தம் 17 ஜெர்சி. முழுவதும் சப்ளிமேஷன். ஜெர்சி கருநீலம், பெயரும் எண்ணும் வெள்ளை. எழுத்தைச் சுற்றிக் கரை வேண்டாம். எண்ணுக்கு மட்டும் 4 மில்லிமீட்டர் மஞ்சள் கரை, எண்ணின் பின்னால் வைக்கவும்.

பெயர் தமிழில், தடித்த எழுத்தில். ‘ட’ எழுத்தின் உயரம் 4 செ.மீ., எல்லாப் பெயருக்கும் இதே. கொக்கி, புள்ளி, வால் இந்த 4-இல் சேராது. பெயரின் அகலம் 32 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பக்கவாட்டில் அமுக்க வேண்டாம்; அடங்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், பெயரைக் குறைத்துத் தருகிறேன்.

பின்கழுத்துத் தையலிலிருந்து பெயரின் அடிக்கோடு 13 செ.மீ. அடிக்கோட்டிலிருந்து எண்ணின் உச்சி 6 செ.மீ. எண்ணின் உயரம் 20 செ.மீ. பெயரும் எண்ணும் முதுகின் நடுவில்.

பட்டியல் (வரிசை – அளவு – பெயர் – எண் – எழுத்து, புள்ளி):
1 – எல் – கண்ணன் – 4 – 4 எழுத்து, 2 புள்ளி. நடுவில் இரண்டும் மூன்று சுழி ண, கடைசி இரண்டு சுழி ன்
2 – எம் – எழிலரசன் – 18 – 6 எழுத்து, 1 புள்ளி. இரண்டாவது சிறப்பு ழி
3 – எம் – அப்துல் – 33 – 4 எழுத்து, 2 புள்ளி
4 – எக்ஸ்எல் – ஆரோக்கியம் – 9 – 6 எழுத்து, 2 புள்ளி
5 – எல் – முத்துக்குமரன் – 27 – 8 எழுத்து, 3 புள்ளி
16, 17 – எல் – பெயர் இல்லை – 50, 51

பெயர்களை நகலெடுக்க வசதியாக மேலே எழுத்தாகவும், சரிபார்க்க இணைப்பில் பி.டி.எஃப். ஆகவும் தந்திருக்கிறேன். இரண்டும் வேறுபட்டால் பி.டி.எஃப்.தான் சரி. திருப்பூருக்கு அனுப்பும் முன் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள்.

17 முதுகையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். இந்த மின்னஞ்சலுக்கு நான் ‘அச்சடிக்கலாம்’ என்று பதில் எழுதிய பிறகே வேலை தொடங்கவும். எங்கள் குழுவிலிருந்து வேறு யார் தொலைபேசியில் மாற்றம் சொன்னாலும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தி முடித்த முதல் துண்டைப் படம் எடுத்து அனுப்பினால் நல்லது. பட்டியலில் இருப்பதற்கு மாறாக வந்தால் அதை மட்டும் மறுபடி செய்து தர வேண்டும்; பட்டியலே தப்பு என்றால் செலவு எங்களுடையது.

அன்புடன்,
(பெயர், கேப்டன், கைபேசி எண்)

இதில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை. அளவும் பெயரும் எண்ணும் ஒரே வரியில் இருப்பதைக் கவனியுங்கள். பல கேப்டன்கள் ‘எம் 6, எல் 7, எக்ஸ்எல் 2’ என்று ஒரு பட்டியலும், பெயர், எண் தனியாக இன்னொரு பட்டியலும் அனுப்புவார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது அச்சகத்தின் ஊகம். அப்படித்தான் எண்பது கிலோ ஆரோக்கியத்தின் பெயர் எம் அளவில் வந்து சேரும்.

வளைகோடு என்றால், எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக்குவது. அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் ‘தமிழ்’ `jkpo;` ஆகாது. அதே சமயம் அதில் எழுத்துப்பிழை திருத்தவும் முடியாது. ஆகவே நீங்கள் சரிபார்த்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

முதல் துண்டின் படம் எதற்கு என்றால், சப்ளிமேஷன் தாளில் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறித்தான் அச்சாகும். துணியில் அழுத்தும்போது நேராகும். மாற்ற மறந்துவிட்டால் துணியில் தலைகீழ்த் தமிழ் வரும். கணினியில் அனுப்பும் மாதிரியில் இந்தத் தப்பு தெரியாது. ஆங்கிலம் என்றால் அழுத்துகிறவர் உடனே கண்டுபிடிப்பார். தமிழ் தெரியாதவருக்கு நேரும் தலைகீழும் ஒன்று. எண்ணைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், 8-உம் 11-உம் கண்ணாடியிலும் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். 27 இருக்கிற துண்டின் படத்தைக் கேளுங்கள்.

மாதிரி வந்ததும் நீங்கள் ஒருவரே படித்துவிட்டுச் சரி சொல்லாதீர்கள். தெரிந்த பெயரைக் கண் படிக்காது, நினைவுதான் படிக்கும். ஒவ்வொருவனுக்கும் அவனவன் பெயரைக் காட்டிப் புள்ளியை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, நீளமான பெயரை மட்டும் உண்மை அளவில் ஏ3 தாளில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். 32 சென்டிமீட்டர் அதில் அடங்கும். பழைய ஜெர்சியின் முதுகில் குண்டூசியால் குத்தி, அதை ஒருவனுக்குப் போட்டுவிட்டு, அவனை ஆடுகளத்தின் நடுவில் நிற்க வைத்து, நீங்கள் எல்லைக்கோட்டில் நின்று பாருங்கள். சுழி தெரிகிறதா, வால் எண்ணில் இடிக்குமா, பெயர் தோளில் மடங்குகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் தாள் ஒன்றுக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பா அறுத்துக் களம் காலியானதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எங்கும் ஒரே சமயத்தில் பந்தயம் தொடங்கும். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் ஆடி முடிக்க வேண்டும் என்பதால் எல்லாக் குழுவும் ஒரே மாதத்தில் ஜெர்சி கேட்கும். பொங்கலை ஒட்டித் திருப்பூரில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்கழி பிறப்பதற்குள் இந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டால் கோப்பவர் உங்கள் புள்ளிகளை எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். தை கடைசியில் அனுப்பினால் அவர் எண்ண மாட்டார், தம்பி. நானும் எண்ணியதில்லை.